ஒரு விரற்கடை களிமண்

இத்தாலியின் குப்பியோ என்ற மலையூரை ஒட்டிய பள்ளத்தாக்கில், சாலையோரப் பாறைச் சரிவில் சுண்ணாம்புக்கல் அடுக்கடுக்காகத் தெரியும். எல்லாம் ஒரு காலத்தில் கடலடியில் படிந்த சேறு. அந்த அடுக்குகளுக்கு நடுவே ஓர் இடத்தில் மட்டும் ஒரு விரற்கடை கனத்துக்குக் களிமண். அதற்குக் கீழே இருக்கும் கல்லை லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஃபொராமினிஃபெரா என்ற கடல் நுண்ணுயிர்களின் ஓடுகள் மணல் பருமனில் விதவிதமாக நிறைந்திருக்கும். மேலே இருக்கும் கல்லில் அவை ஏறக்குறைய எல்லாமே காணோம். பொடிப்பொடியாகச் சில மட்டும் மிஞ்சியிருக்கும். டைனோசர்கள் மறைந்த காலத்தின் எல்லைக்கோடு இந்தக் களிமண்தான். வயது சுமார் 6.6 கோடி ஆண்டுகள்.

இந்தக் களிமண் படிய எத்தனை காலம் ஆகியிருக்கும்? 1970களில் அமெரிக்க நிலவியலாளர் வால்டர் ஆல்வரெஸை இந்தக் கேள்வி துளைத்தது. அவருடைய அப்பா லூயிஸ், இயற்பியலில் நோபல் பரிசு பெற்றவர். அவர் ஒரு வழி சொன்னார். விண்வெளித் தூசி பூமியின் மேல் எப்போதும் சிறுகச் சிறுக விழுந்துகொண்டே இருக்கிறது. அதில் இரிடியம் என்ற உலோகம் உண்டு. பூமியின் மேற்பாறைகளில் அது மிக அரிது, ஏனென்றால் பூமி உருவானபோதே இரும்போடு சேர்ந்து ஆழத்துக்குப் போய்விட்டது. பரணில் படிந்திருக்கும் தூசியைப் பார்த்து எத்தனை நாள் துடைக்கவில்லை என்று சொல்வதுபோல, இரிடியத்தின் அளவை வைத்துக் களிமண்ணின் காலத்தைக் கணக்கிடலாம் என்றார்.

பெர்க்லியில் ஃபிராங்க் அசாரோவும் ஹெலன் மிஷலும் அளந்து பார்த்தார்கள். பக்கத்துக் கல்லில் இருப்பதைப்போல 30 மடங்கு இரிடியம் இருந்தது! தூசி அந்த அளவுக்குச் சேர மிக நீண்ட காலம் வேண்டும். டென்மார்க்கில் இதே வயதுள்ள களிமண்ணை எடுத்துப் பார்த்தால் 160 மடங்கு. நியூசிலாந்தில் 20 மடங்கு. பக்கத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்திருக்குமோ என்றும் சோதித்தார்கள். அப்படியானால் புளுட்டோனியம்-244 கிடைத்திருக்க வேண்டும், கிடைக்கவில்லை. ஒரே வீச்சில் வந்து விழுந்த சரக்கு இது என்ற முடிவுக்கு வந்தார்கள். சுமார் 10 கிலோமீட்டர் விட்டமுள்ள ஒரு விண்பாறை மோதியிருக்கிறது என்று 1980இல் எழுதினார்கள்.

அப்படியானால் அது விழுந்த பள்ளம் எங்கே? உண்மையில் அதை ஒருவர் ஏற்கெனவே பார்த்திருந்தார். 1978இல் மெக்சிகோவின் யுகடான் கரையோரம் எண்ணெய் வளம் தேடி எடுத்த காந்தப்புல அளவீடுகளில், கடலுக்கடியில் பெரிய வில் ஒன்று தெரிவதைக் கிளென் பென்ஃபீல்ட் கவனித்தார். நிலத்தின் பக்கத்து அளவீடுகளோடு சேர்த்தால் அது வட்டமானது. 1981இல் அவர் ஒரு மாநாட்டில் இதைச் சொன்னபோது யாரும் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பத்து ஆண்டுகள் கழித்தே அந்த இரண்டு கதைகளும் ஒன்று சேர்ந்தன. சிக்‌ஷுலூப் பள்ளத்தின் விட்டம் சுமார் 180 கிலோமீட்டர்.

2016இல் கடலில் மேடை அமைத்து அந்தப் பள்ளத்துக்குள் துளையிட்டார்கள். மேலே வந்த பாறைத் தண்டில் சுமார் 130 மீட்டர், மோதல் நடந்த ஒரே நாளில் குவிந்தது. உடைந்த பாறை இருந்தது, எரிந்த காட்டின் கரித்துண்டுகள்கூட இருந்தன. ஆனால் இருந்தே தீர வேண்டிய ஒன்று இல்லை. அதுதான் ஜிப்சம். எலும்பு முறிந்தால் மாவுக்கட்டு போடுகிறோமே, அந்த மாவு இதிலிருந்துதான் வருகிறது. யுகடானின் அடிப்பாறையில் ஜிப்சமும் அதன் இனக் கற்களும் ஏராளம். பள்ளத்துக்குள் மட்டும் அவற்றைக் காணோம்.

எங்கே போயின? ஆவியாகி வானத்துக்குப் போயின. ஜிப்சத்தில் கந்தகம் உண்டு. அந்தக் கந்தகம் மேல் வளிமண்டலத்தில் நுண்துளிகளாகி, புழுதியோடும் புகைக்கரியோடும் சேர்ந்து சூரிய ஒளியை மறைத்தது. மோதலின் அடியும் வெப்பமும் ஆழிப்பேரலையும் அருகில் இருந்த உயிர்களைக் கொன்றிருக்கும். உலகெங்கும் கொன்றது பெரும்பாலும் இருளும் குளிருமே. வெளிச்சம் இல்லாமல் செடிகளும் கடல்பாசிகளும் முடங்கின. செடி தின்னும் பெரிய விலங்குகள் பட்டினியில் சாக, அவற்றைத் தின்றவையும் பின்னாலேயே போயின. வளைக்குள் பதுங்கிய சிறிய பிராணிகளும், மண்ணில் கிடந்த விதையைப் பொறுக்கித் தின்ற பறவைகளும் தாக்குப்பிடித்தன. உயிரினங்களில் நான்கில் மூன்று பங்கு அழிந்தது.

இதை முழுதாக ஏற்காதவர்களும் உண்டு. அதே காலத்தில்தான் இந்தியாவில் தக்காணத்து எரிமலைக் குழம்பு அலை அலையாக வழிந்துகொண்டிருந்தது. அதன் வாயுக்களும் காலநிலையைக் குலைத்திருக்கும். உயிர்களை அது ஏற்கெனவே நலிவடையச் செய்திருந்ததா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் அந்த எரிமலைகள் மோதலுக்கு முன்பும் பின்பும் பல லட்சம் ஆண்டுகள் பொங்கியவை. அவை மட்டுமே காரணமென்றால் அழிவும் படிப்படியாக நடந்திருக்க வேண்டும். குப்பியோ பாறையில் அந்த மணல் பருமன் ஓடுகள் அப்படித் தேய்ந்து மறையவில்லை. களிமண் வரை இருக்கின்றன. அதற்கு மேலே இல்லை.