உங்களுக்குத் தெரியுமா?

குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகு செல்ல இடை 60 நிமிடம், நியம விலகல் 5 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். வேறொன்றும் தெரியாது. பயணம் 75 நிமிடமோ அதற்கு மேலோ நீளும் நிகழ்தகவு என்ன?

இத்தாலியக் கணிதர் கான்டெல்லியின் சமனிலி சொல்வது: அதிகபட்சம் 10%. பயண நேரம் செவ்வன் பரம்பலில் அமைந்தால் உண்மை விடை சுமார் 0.13% மட்டுமே. எல்லை எழுபது மடங்குக்கு மேல் தளர்வு!

ஆனாலும் அதை இறுக்க வழியில்லை. பத்தில் ஒன்பது நாள் 58 நிமிடம் 20 விநாடி, கடல் கொந்தளிக்கும் ஒரு நாள் சரியாக 75 நிமிடம் என்றாலும் அதே இடை, அதே விலகல்தான் வரும்; நிகழ்தகவோ முழு 10%. தளர்வைக் குறைக்க வேண்டுமா? பரம்பலின் வடிவத்தை அறிய, தினசரிப் பயண நேரங்களைக் குறித்து வையுங்கள்.