வர்க்கமூலம் மறைக்கும் குறி

x பூச்சியத்தை நெருங்கும்போது √(1 − cos 2x) / x என்ற கோவை எதை நெருங்குகிறது? பொறியியல் நுழைவுத் தேர்வுகளில் சிறு மாற்றங்களோடு திரும்பத் திரும்ப வரும் கணக்கு இது. பிளஸ் ஒன் வகுப்பில் ‘எல்லைகள்’ பாடத்தை முடித்தவர்களுக்கு இதைப் போட வேண்டிய சூத்திரங்கள் எல்லாம் தெரிந்திருக்கும். பலர் நாலே வரியில் முடித்துவிடுவார்கள். 1 − cos 2x என்பது 2 sin²x. அதன் வர்க்கமூலம் √2 sin x. அதை x ஆல் வகுத்தால் √2 × (sin x / x). x பூச்சியத்தை நெருங்க நெருங்க sin x / x ஒன்றை நெருங்கும் என்பது மனப்பாடமான செய்தி. ஆகவே விடை √2.

வழி சுத்தமாகத் தெரிகிறது, விடை தவறு. கால்குலேட்டரை ரேடியனில் வைத்து x-க்கு 0.1 கொடுத்துப் பாருங்கள். 1.4119 வரும். 0.01 கொடுத்தால் 1.41419. √2-இன் மதிப்பு 1.41421 என்பதால் எல்லாம் சரியாகப் போவதுபோலவே இருக்கும். இப்போது −0.1 கொடுங்கள். −1.4119 வருகிறது. −0.01 கொடுத்தால் −1.41419. பூச்சியத்தின் வலப்பக்கமிருந்து வருபவருக்கு √2. இடப்பக்கமிருந்து வருபவருக்கு −√2.

கணக்கைப் போடாமலேயே இதைக் கண்டுபிடித்திருக்கலாம். மேலே இருப்பது ஒரு வர்க்கமூலம். √ என்ற குறி எப்போதும் குறை எண் அல்லாத மூலத்தையே தரும் என்பது ஒப்புக்கொண்ட வழக்கம். எனவே தொகுதி ஒருபோதும் குறை எண்ணாகாது. கீழே இருக்கும் x குறை எண்ணானால் முழுப் பின்னமும் குறை எண்ணாகித்தான் தீரும். இடப்பக்கம் முழுக்கக் குறை எண்களாகவே ஓடும் ஒரு கோவை, மிகை எண்ணான √2-வில் போய்ச் சேர வழியே இல்லை. எல்லைக் கணக்கில் விடையை எழுதுமுன் இரு பக்கமும் குறி என்ன என்று ஒரு நொடி பார்ப்பது, பாதிப் பிழைகளை அங்கேயே பிடித்துவிடும்.

பிழை நுழைந்தது இரண்டாவது வரியில். sin²x-இன் வர்க்கமூலம் sin x அன்று; |sin x|. x-க்கு −3 போட்டால் x² ஒன்பது, அதன் வர்க்கமூலம் மூன்று. உள்ளே போன −3 வெளியே வரும்போது 3 ஆகிவிட்டது. ஆக √(x²) என்பது |x|, அதாவது x-இன் மட்டு மதிப்பு. வர்க்கப்படுத்தும்போது குறி அழிந்துவிடுகிறது. மூலம் எடுத்தால் அழிந்த குறி திரும்பி வருவதில்லை.

மட்டு மதிப்பு என்பது எண்கோட்டில் பூச்சியத்திலிருந்து இருக்கும் தூரம். இதை எல்லோரும் எளிதில் ஏற்றுக்கொள்கிறார்கள். கணக்கில் எழுதும் வடிவத்தில்தான் தயக்கம் வருகிறது. x பூச்சியமோ அதற்கு மேலோ இருந்தால் |x| = x; x பூச்சியத்துக்குக் கீழே இருந்தால் |x| = −x. ‘மட்டு மதிப்பு மிகை எண்ணாகத்தானே இருக்க வேண்டும், −x எப்படி வரும்?’ என்று கேட்காத வகுப்பு இராது. நல்ல கேள்வி. −x என்பதன் முன்னால் கழித்தல் குறி இருப்பதாலேயே அது குறை எண் ஆகிவிடாது. x = −3 என்றால் −x = 3. கண்ணில் படும் கழித்தல் குறி வேறு, அந்த எண்ணின் உண்மையான குறி வேறு என்பது இந்த இடத்தில் மனதில் பதிந்துவிட்டால், பின்னால் வரும் எல்லாமே இலகுவாகும்.

இந்த இரண்டு விதிகளையும் வைத்துக்கொண்டு |x| / x என்ற கோவையைப் பாருங்கள். வலப்பக்கம் அது x / x, அதாவது 1. இடப்பக்கம் −x / x, அதாவது −1. பூச்சியத்தில் அதற்கு மதிப்பே இல்லை. x எவ்வளவு சிறியதானாலும், கோடியில் ஒரு பங்கே ஆனாலும், வலப்பக்கம் 1 தான், இடப்பக்கம் −1 தான். நெருங்குவதால் இடைவெளி சற்றும் குறைவதில்லை. எல்லை உண்டு என்று சொல்ல வேண்டுமானால் இரு பக்கமும் ஒரே எண்ணை நெருங்க வேண்டும். இங்கே வலப்பக்க எல்லை 1, இடப்பக்க எல்லை −1. தனித்தனியே இரண்டும் உண்டு, பொதுவான எல்லை இல்லை.

‘இரண்டு சூத்திரங்களை ஒட்டவைத்தால் அப்படித்தானே ஆகும்’ என்று தோன்றலாம். ஒரு காலத்தில் கணிதர்களும் ஏறக்குறைய அப்படித்தான் பிரித்தார்கள். 1748-இல் வெளிவந்த தம் நூலில் ஆய்லர், முழுவதும் ஒரே சூத்திரத்துக்குக் கட்டுப்பட்ட வளைவரையைத் தொடர்ச்சியானது என்றார். பகுதிக்கு ஒரு சூத்திரமாக அமைந்ததைத் தொடர்ச்சியற்றது என்றார். 1844-இல் பிரெஞ்சுக் கணிதர் கோஷி இந்தப் பிரிவினை நிற்காது என்று காட்டினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று நாம் பேசும் இதே சார்பு. ஒரு பக்கம் x, மறுபக்கம் −x என்று இரண்டு விதிகளால் எழுதினால் அது தொடர்ச்சியற்றது ஆகிறது. அதையே √(x²) என்று ஒற்றைச் சூத்திரமாக எழுதினால் தொடர்ச்சியானது ஆகிவிடுகிறது. சார்பு ஒன்றுதான், எழுதும் விதத்தைப் பொறுத்து அதன் இயல்பு மாறுவதை எப்படி ஏற்பது? x சிறிது மாறினால் சார்பும் சிறிதே மாறுகிறதா என்று பார்க்கும் விளக்கத்தைக் கோஷி 1821-இலேயே கொடுத்திருந்தார். அந்த அளவுகோலின்படி |x| எங்கும் தொடர்ச்சியானது, பூச்சியத்திலும்கூட.

எனக்கு இந்த வரலாறு மிகவும் பிடிக்கும். நம் நுழைவுத் தேர்வுக் கணக்கில் நடப்பதும் இதுவேதான். √(1 − cos 2x) ஒற்றைச் சூத்திரம்போல் அமைதியாக நிற்கிறது; உள்ளே இரண்டு விதிகள் இருப்பது வெளியே தெரிவதில்லை. நெடுங்கோடுகள் கண்ணில் படாததால்தான் மாணவர்கள் ஏமாறுகிறார்கள்.

சரியாகப் போட்டுப் பார்ப்போம். தொகுதி √2 |sin x|. பூச்சியத்துக்குச் சற்று வலப்புறம் sin x மிகை எண். எனவே |sin x| = sin x; கோவை √2 × (sin x / x); எல்லை √2. சற்று இடப்புறம் sin x குறை எண். எனவே |sin x| = −sin x; கோவை −√2 × (sin x / x). இங்கே sin x, x இரண்டுமே குறை எண்கள் என்பதால் அவற்றின் விகிதம் மிகை எண்ணாகி ஒன்றையே நெருங்குகிறது; எல்லை −√2. இரண்டும் பொருந்தவில்லை. ‘எல்லை இல்லை’ என்பதே விடை.

இதைப் படித்தபின் நெடுங்கோடுகளைக் கண்டாலே ‘எல்லை இல்லை’ என்று எழுதிவிடும் அவசரமும் வருவதுண்டு. (|2x − 1| − |2x + 1|) / x என்பதைப் பாருங்கள். x பூச்சியத்தை நெருங்கும்போது 2x − 1 என்பது −1-ஐ ஒட்டி இருக்கிறது. x சற்று இடம் போனாலும் வலம் போனாலும் அது குறை எண்ணாகவே நீடிக்கிறது. ஆகவே இரு பக்கமும் |2x − 1| = 1 − 2x. அதேபோல் 2x + 1 இரு பக்கமும் மிகை எண். தொகுதி (1 − 2x) − (2x + 1), அதாவது −4x. எல்லை −4, வலமும் இடமும் சண்டையே இல்லை. இந்தக் கோவைகளின் குறி மாறும் இடங்கள் ½-உம் −½-உம். நாம் நிற்பது அவற்றின் நடுவில்.

ஆகவே முதலில் செய்ய வேண்டியது, நெடுங்கோடுகளுக்குள் x = 0 என்று போட்டுப் பார்ப்பது. பூச்சியம் அல்லாத எண் வந்தால் அதன் குறியை வைத்து நெடுங்கோடுகளை நீக்கிவிடலாம். பூச்சியம் வந்தால்தான் பக்கம் பிரிக்கும் வேலை.

பக்கம் பிரித்த பிறகும் விடைகள் ஒத்துப்போகலாம். x² / |x| வலப்பக்கம் x, இடப்பக்கம் −x. இரண்டும் பூச்சியத்துக்கே வருகின்றன, எல்லை 0. ஒரு பக்க விடை a, மறுபக்க விடை −a என்று குறியில் மட்டும் வேறுபட்டால், அவை சமமாக ஒரே வாய்ப்பு a பூச்சியமாக இருப்பது. வேறுபாடு குறியோடு நிற்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 1/x − 1/|x| என்பது வலப்பக்கம் எங்கும் சரியாக 0. இடப்பக்கம் அது 2/x ஆகி, எல்லையின்றிக் கீழே இறங்கிக்கொண்டே போகிறது. x = −0.001 என்றால் −2000.

|x| / x-க்கு இன்னொரு வேலையும் உண்டு. |x| வரைபடத்தின் சாய்வைப் பூச்சியத்தில் காண, பூச்சியத்திலிருந்து h தூரம் நகர்ந்து, உயர மாற்றத்தை h ஆல் வகுக்கிறோம். கிடைப்பது |h| / h. அதற்கு எல்லை இல்லை என்று பார்த்துவிட்டோம். எனவே |x|-க்குப் பூச்சியத்தில் வகைக்கெழு இல்லை. வரைபடம் அங்கே V எழுத்தின் அடிமுனையாக முறிகிறது.

ஆனால் வரைபடம் போடும் TI-84 கால்குலேட்டரில் nDeriv(abs(X),X,0) என்று கொடுத்தால் திரையில் 0 என்று வரும். கருவி பழுதில்லை; அது கணக்கிடும் முறை அப்படி. ஒரு புள்ளியின் வலப்பக்கம் 0.001, இடப்பக்கம் 0.001 நகர்ந்து, இரு முனைகளின் உயர வித்தியாசத்தை 0.002 ஆல் வகுக்கிறது. பெரும்பாலான சார்புகளுக்கு இது ஒரு பக்கம் மட்டும் நகர்வதைவிடத் துல்லியமான விடை தரும். |x|-க்கோ |0.001|, |−0.001| இரண்டும் ஒன்றே என்பதால் வித்தியாசம் பூச்சியமாகிவிடுகிறது. சந்தேகம் வந்தால் பக்கங்களைத் தனித்தனியே கையால் போட்டுப் பார்க்கலாம். வலப்பக்கம் 0.001 / 0.001 = 1. இடப்பக்கம் 0.001 / (−0.001) = −1. திரையில் வந்த 0 இவ்விரண்டின் சராசரி.