கீசரில் விளக்கு எரிந்தும் தண்ணீர் சுடாதது ஏன்?

கீசர் சுவிட்சைப் போடுகிறோம். விளக்கு பளிச்சென்று எரிகிறது. அரை மணி நேரம் கழித்துக் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர்தான் வருகிறது. விளக்கு எரிவதால் கரன்ட்டில் குறையில்லை, கீசரே போய்விட்டது என்று பலர் புதியது வாங்கக் கிளம்பிவிடுகிறார்கள். பெரும்பாலும் அதற்கு அவசியமே இருக்காது. கீசருக்குள் சுடவைக்கும் வேலையில் பங்கெடுக்கும் முக்கிய உறுப்புகள் மூன்றுதான்: தெர்மோஸ்டாட், கட்அவுட், எலிமென்ட். இவற்றில் எது நின்றுபோனது என்பதைப் படிப்படியாகக் கண்டுபிடித்துவிடலாம்.

முதலில் அந்த விளக்கு எதைச் சொல்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும். வீடுகளில் அதிகம் இருப்பது 15 லிட்டர் அல்லது 25 லிட்டர் கொள்ளளவும் 2000 வாட் திறனும் கொண்ட கீசர். அதன் எலிமென்ட் வேலை செய்யும்போது ஏறக்குறைய 8.7 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். விளக்குக்கோ ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவே போதும். ஆகவே விளக்கு எரிந்தால், அது இணைக்கப்பட்ட இடம் வரை மின்சாரம் வந்திருக்கிறது என்று மட்டுமே பொருள். எலிமென்ட் சுடுகிறதா என்பது அதற்குத் தெரியாது.

இரண்டு விளக்கு இருந்தால்

பல கீசர்களில் இரண்டு விளக்குகள் இருக்கும். ஒன்று, கீசருக்குள் மின்சாரம் நுழைந்ததும் எரிவது. மற்றொன்று, தண்ணீர் சூடாகும்போது மட்டும் எரிந்து, போதிய சூடு வந்ததும் அணைவது. மின்சாரம் பொதுவாகத் தெர்மோஸ்டாட், கட்அவுட் இரண்டையும் கடந்துதான் எலிமென்ட்டுக்குப் போகும். இரண்டாவது விளக்கு அந்தக் கடைசி இடத்தில், எலிமென்ட்டின் இரு முனைகளுக்கும் குறுக்கே இணைக்கப்பட்டிருக்கும்.

இதிலிருந்தே பாதி விடை கிடைத்துவிடும். முதல் விளக்கு எரிந்து இரண்டாவது எரியாமல், தண்ணீரும் குளிர்ந்தே இருந்தால், மின்சாரம் தெர்மோஸ்டாட்டிலோ கட்அவுட்டிலோ நின்றுவிட்டது. இரண்டும் எரிந்தும் தண்ணீர் சுடவில்லை என்றால், மின்சாரம் எலிமென்ட்டின் வாசல் வரை வந்தும் உள்ளே ஓடவில்லை. அப்போது எலிமென்ட் அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். எல்லாக் கம்பெனிகளும் ஒரே மாதிரி ஒயரிங் செய்வதில்லை. சில மாடல்களில் ஒரே விளக்குதான் இருக்கும். எனவே விளக்கை மட்டும் நம்பி முடிவு கட்டாமல் இன்னொரு சோதனையும் செய்துவிட வேண்டும்.

அந்தச் சோதனைக்குக் கீசரைத் தொடக்கூட வேண்டாம். வீட்டு மின்சார மீட்டரில் சிறிய சிவப்பு விளக்கு ஒன்று விட்டுவிட்டு மின்னும். பக்கத்திலேயே 1600 imp/kWh அல்லது 3200 imp/kWh என்பதுபோல் அச்சிட்டிருப்பார்கள். ஒரு யூனிட் செலவாவதற்குள் அது எத்தனை முறை மின்னும் என்பதுதான் அந்த எண். ஃபிரிட்ஜ், மோட்டார், ஃபேன் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுக் கீசரை மட்டும் போடுங்கள். 1600 என்று எழுதியிருக்கும் மீட்டரில், 2000 வாட் கீசர் ஒழுங்காக ஓடினால் நிமிடத்துக்கு 53 முறை மின்ன வேண்டும். அது எப்போதோ ஒருமுறைதான் மின்னுகிறது என்றால் எலிமென்ட்டில் மின்சாரம் ஓடவில்லை. வேகமாக மின்னியும் குழாயில் சூடு வரவில்லை என்றால் கீசர் தன் வேலையைச் செய்கிறது. சுடுதண்ணீரோடு பச்சைத் தண்ணீர் எங்கோ கலக்கிறது. குளியலறை மிக்ஸர் குழாயைத்தான் அப்போது பார்க்க வேண்டும்.

திறப்பதற்கு முன்

மூடியைக் கழற்றுவதற்கு முன் எம்.சி.பி.யை இறக்கி, பிளக்கையும் உருவி வெளியே எடுத்துவிட வேண்டும். சுவிட்சை மட்டும் அணைப்பது போதாது. பேஸும் நியூட்ரலும் இடம் மாறி ஒயரிங் செய்யப்பட்ட வீடுகளில், சுவிட்ச் அணைந்திருந்தாலும் எலிமென்ட்டின் முனையில் மின்சாரம் இருக்கும். கை ஈரமாக இருக்கக் கூடாது, தரையும் ஈரமாக இருக்கக் கூடாது. பிளக்கின் பின்கள் கருகியிருக்கின்றனவா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். இந்த வேலையில் பழக்கமில்லாதவர்கள் இதற்கு மேல் போகாமல் மெக்கானிக்கை அழைப்பதே நல்லது. ஆனால் அவர் என்ன செய்கிறார் என்று தெரிந்து வைத்திருப்பது எல்லோருக்கும் பயன்படும்.

கீழ் மூடியைத் திறந்தால் முதலில் பார்க்க வேண்டியது கட்அவுட். தெர்மோஸ்டாட் என்பது அன்றாட வேலைக்காரன். நாம் வைத்த சூடு, அதாவது 60 டிகிரி அல்லது அதற்குச் சற்று மேல் வந்ததும் மின்சாரத்தை நிறுத்தும், தண்ணீர் ஆறியதும் தானாகவே மறுபடி கொடுக்கும். கட்அவுட் காவல்காரன். தெர்மோஸ்டாட் நிறுத்தத் தவறி, சூடு 90 டிகிரியை ஒட்டி ஏறிவிட்டால் மின்சாரத்தைத் துண்டித்துவிடும். பெரும்பாலான கட்அவுட்கள் தாமாகத் திரும்பாது. அதிலுள்ள சிறிய பொத்தானைக் கையால் அழுத்த வேண்டும். தண்ணீர் ஆறியிருக்கும்போது அழுத்தினால் 'டிக்' என்று சத்தம் கேட்கும். கேட்டால், கட்அவுட் விழுந்திருந்தது உறுதி.

பொத்தானை அழுத்தினால் போதுமா?

பெரும்பாலான ரிப்பேர்கள் தவறாகப் போவது இங்கேதான். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். போர் தண்ணீர் பயன்படுத்தும் ஒரு வீட்டில் 15 லிட்டர், 2000 வாட் கீசர். சிவப்பு விளக்கு எரிகிறது, சூடாவதைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரியவில்லை. மெக்கானிக் வந்து கட்அவுட் பொத்தானை அழுத்துகிறார், 'டிக்' என்கிறது. மூடியைப் பொருத்திவிட்டுச் சுவிட்சைப் போட்டதும் மஞ்சள் விளக்கு எரிகிறது, மீட்டரும் வேகமாக மின்னுகிறது.

"அவ்வளவுதானா தம்பி?" என்று வீட்டுக்காரம்மா கேட்கிறார்.

"இல்லம்மா. இது எதுக்கு விழுந்துச்சுன்னு பாக்காம போனா நாளைக்கே மறுபடி விழும். கொஞ்ச நேரம் ஓடட்டும், பாத்துட்டுப் போறேன்" என்கிறார் அவர்.

நல்ல மெக்கானிக் செய்வது இதைத்தான். 27 டிகிரியில் இருக்கும் 15 லிட்டர் தண்ணீரை 60 டிகிரிக்குக் கொண்டுவர 2000 வாட் எலிமென்ட்டுக்கு ஏறக்குறைய 17 நிமிடம் ஆகும். தெர்மோஸ்டாட்டை 60-இல் வைத்திருந்தால் அதை ஒட்டி மஞ்சள் விளக்கு அணைந்துவிட வேண்டும். இந்த வீட்டிலோ 25 நிமிடமாகியும் அணையவில்லை. அதற்குள் தண்ணீர் 75 டிகிரியைத் தொட்டிருக்கும். அவர் உடனே சுவிட்சை அணைத்து, பிளக்கை உருவி, தெர்மோஸ்டாட்டின் இரு முனைகளிலும் மல்டிமீட்டரை வைக்கிறார். திருகை ஆகக் குறைந்த சூட்டுக்குத் திருப்பியும் மீட்டர் சுழியம் ஓம் காட்டுகிறது. அதாவது இணைப்பு விலகவே இல்லை. உள்ளே இருக்கும் தொடுமுனைகள் பல ஆண்டுகள் தீப்பொறி பட்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. காவல்காரன் தன் கடமையைத்தான் செய்திருக்கிறான். குற்றவாளி தெர்மோஸ்டாட்.

தெர்மோஸ்டாட் இதற்கு நேர்மாறாகவும் கெடும். தண்ணீர் குளிர்ந்திருந்து, திருகும் அதிகச் சூட்டில் இருக்கும்போது, அதன் இரு முனைகளுக்கிடையே இணைப்பே இல்லை என்று மல்டிமீட்டர் காட்டினால், அது திறந்த நிலையிலேயே நின்றுவிட்டது. அப்போது கட்அவுட் விழாது, தண்ணீரும் சுடாது. இரண்டு நிலைக்கும் தீர்வு ஒன்றுதான்: அதே நீளமும் அதே ஆம்பியர் அளவும் கொண்ட புதிய தெர்மோஸ்டாட். அதன் தண்டு குழாய்க்குள் கடைசி வரை போய் உட்கார வேண்டும். பாதியில் நின்றால் தண்ணீரின் உண்மையான சூடு அதற்குத் தெரியாது.

எலிமென்ட்டை அளப்பது

தெர்மோஸ்டாட்டும் கட்அவுட்டும் சரியாக இருந்தால் மிச்சம் எலிமென்ட். அதன் ஒரு முனையிலிருந்து ஒயரைக் கழற்றிவிட்டு, மல்டிமீட்டரை 200 ஓம் அளவில் வைத்து இரு முனைகளையும் தொட வேண்டும். 2000 வாட் எலிமென்ட் 26 ஓம் அளவு காட்டும். 3000 வாட் உடனடி கீசர் என்றால் 17 அல்லது 18 ஓம். எந்த அளவுமே வராவிட்டால் உள்ளே கம்பி அறுந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும். பிறகு ஒரு முனையையும் தொட்டியின் உலோக உடலையும் தொட்டுப் பார்க்க வேண்டும். அங்கே எந்த அளவும் வரக் கூடாது. வந்தால் மின்சாரம் உடலுக்குக் கசிகிறது. அந்தக் கீசரை ஒரு நிமிடம்கூட ஓட்டக் கூடாது. மெல்லிய கசிவு மல்டிமீட்டருக்குப் புலப்படாது. கீசர் போட்டதும் வீட்டின் ஆர்.சி.சி.பி. விழுகிறது என்றால், எலிமென்ட்டை மெகர் கருவியால் சோதிக்கச் சொல்லுங்கள்.

எலிமென்ட் ஏன் அறுகிறது? முக்கியக் காரணம் உப்புத் தண்ணீர். சுடும்போது தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு எலிமென்ட்டின் மேல் ஓடாகப் படிகிறது. சூடு தண்ணீருக்குப் போக முடியாமல் உள்ளேயே தேங்க, கம்பி அளவுக்கு மீறிக் காய்ந்து ஒருநாள் அறுகிறது. சுடுவதற்கு முன்பைவிட நேரமாவது, சுடும்போது தொட்டிக்குள் பொரிவதுபோல் சத்தம் வருவது ஆகியவை ஓடு தடித்துவிட்டதற்கான அறிகுறிகள். இன்னொரு காரணம், தொட்டியில் தண்ணீர் இல்லாமல் கீசரைப் போடுவது. புதிதாக மாட்டியவுடனும், கழற்றிச் சுத்தம் செய்த பிறகும், சுடுதண்ணீர்க் குழாயில் தண்ணீர் சீராக வருவதைப் பார்த்த பின்பே சுவிட்சைப் போட வேண்டும்.

நம் எடுத்துக்காட்டு வீட்டில் எலிமென்ட் 26 ஓம் காட்டியது, அறுந்திருக்கவில்லை. ஆனாலும் மெக்கானிக் தொட்டியை வடித்து அதைக் கழற்றி, மேலிருந்த ஓட்டைச் சுரண்டி எடுத்தார். பழைய வாஷருக்குப் பதில் புதியது போட்டார், கரைந்து குச்சியாகிவிட்ட ஆனோடு கம்பியையும் மாற்றினார். புதிய தெர்மோஸ்டாட்டுடன் ஓட்டியபோது மஞ்சள் விளக்கு 18-ஆவது நிமிடத்தில் அணைந்தது. வேலை முடிந்தது என்பதற்கு அதுவே சான்று.

ஒன்றை மட்டும் யார் சொன்னாலும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கட்அவுட் அடிக்கடி விழுகிறது என்று அதன் இரண்டு ஒயர்களையும் நேராக முறுக்கி இணைத்துவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கீசர் அன்றைக்கு ஓடும். ஆனால் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்ட நாளில் தண்ணீர் கொதித்து நீராவியாகும். அழுத்தத்தை வெளியேற்றும் வால்வும் உப்பால் அடைத்திருந்தால் தொட்டி வெடிக்கும். கட்அவுட் பொத்தானை ஒருமுறை அழுத்தலாம். இரண்டாம் முறை விழுந்தால், காரணம் தெரியும்வரை கீசரைப் போடாதீர்கள். காரணத்தைச் சொல்ல முடியாத ரிப்பேருக்குப் பணம் கொடுக்காதீர்கள்.