கோடு சமமாகப் போனால் நோய் நின்றுவிட்டதா?

அமெரிக்காவில் ரத்தப் புற்றுநோய் நோயாளிகளிடம் நடந்து, 1963இல் வெளியான மெர்காப்டோப்யூரின் மருந்து ஆய்வு இன்றும் பாடப்புத்தகங்களில் வருகிறது. நோய் தணிந்திருந்த 21 பேர் அந்த மருந்தைச் சாப்பிட்டார்கள். நோய் திரும்பாதவர்களின் சதவீதத்தைக் காட்டும் கோடு 100இல் தொடங்கி, யாருக்காவது நோய் திரும்பும்போது மட்டும் படியாக இறங்கும்.

6ஆம் வாரத்தில் மூவருக்குத் திரும்பியது. கோடு 86க்கு வந்தது. அதே வாரத்தில் இன்னொருவரின் கண்காணிப்பு, நோய் திரும்பாமலே முடிந்தது. அவருக்குக் கோட்டில் ஒரு சிறு குறி மட்டும், இறக்கம் கிடையாது. ஆனால் அடுத்த கணக்கில் அவர் இல்லை. 7ஆம் வாரத்தில் மீதி 17 பேரில் ஒருவருக்குத் திரும்ப, கோடு 5 புள்ளி இறங்கியது.

22ஆம் வாரத்தில் எஞ்சியவர்கள் 7 பேர்தான். அப்போதும் ஒருவருக்கே திரும்பியது, இறக்கமோ 9 புள்ளி!

23ஆம் வாரத்தில் கோடு 45க்கு வந்து, பிறகு 35 வரை சமமாக ஓடுகிறது. 'குணமாகிவிட்டது' என்று சொல்லத் தோன்றும். அந்தச் சமவெளியில் இருப்பவர்களோ ஐந்தே பேர், ஐவருக்கும் குறிதான். கோட்டைச் சுற்றிய நம்பக எல்லைப் பட்டை அங்கே ஏறத்தாழ 20 முதல் 70 வரை விரிந்து கிடக்கிறது. குறிகள் ஒரு நிபந்தனையோடுதான் செல்லும்: உடல்நிலை மோசமானதாலேயே ஒருவர் விலகியிருந்தால், கோடு உண்மையைவிட உயரமாகத் தெரியும்.