அணைந்திருக்கும் விளக்கு எவ்வளவு தின்கிறது?

சாவிக் கொத்தில் தொங்கும் சின்ன எல்இடி விளக்குகளை உங்களில் பலர் வைத்திருப்பீர்கள். பொத்தானை ஒரு முறை அழுத்தினால் எரியும், இன்னொரு முறை அழுத்தினால் அணையும். பழைய டார்ச்சில் சுவிட்சைத் தள்ளினால் பேட்டரிக்கும் பல்புக்கும் இடையிலுள்ள கம்பியே அறுபடும். இந்த விளக்குகளில் பலவற்றில் அப்படி எதுவும் நடப்பதில்லை. உள்ளே ஒரு மைக்ரோகன்ட்ரோலர் இருக்கிறது, அது எப்போதும் பேட்டரியோடு இணைந்தே இருக்கிறது. விளக்கு அணைந்துவிட்டது என்றால் உள்ளே ஓடும் நிரல் எல்இடியை நிறுத்திவிட்டுத் தூங்கப் போய்விட்டது என்று பொருள். அது எப்படித் தூங்குகிறது, எப்படி எழுகிறது என்பதை வைத்துத்தான் பேட்டரி இரண்டு வருடம் வருமா, ஒரே வாரத்தில் தீருமா என்பது முடிவாகும்.

ஓர் எளிய விளக்கை எடுத்துக்கொள்வோம். எட்டே கால்கள் கொண்ட ஏடிடைனி85 சிப், ஒரு பொத்தான், ஒரு எல்இடி, சிஆர்2032 காயின் செல். இந்த செல்லில் இருப்பது சுமார் 220 மில்லிஆம்பியர்-மணி. 1 மில்லிஆம்பியர் வீதம் எடுத்தால் 220 மணி நேரம் வரும். அதாவது ஒன்பது நாள்.

முதல் சிக்கல் பொத்தானில் இருக்கிறது. எவர்சில்வர் தம்ளர் தரையில் விழுந்தால் ஒரே தடவையில் அடங்காமல் கிணுகிணுவென்று துள்ளித்தான் நிற்கும். பொத்தானுக்குள் இருக்கும் உலோகத் தகடுகளும் அப்படியே. நம் விரல் ஒரு தடவை அழுத்தினாலும் தகடுகள் தொட்டு, விலகி, மறுபடி தொட்டு, பிறகுதான் அமரும். எவ்வளவு நேரம்? ஜாக் கான்ஸ்ல் என்ற அமெரிக்கப் பொறியாளர் 18 வகை சுவிட்சுகளை எடுத்து, ஒவ்வொன்றையும் 300 தடவை அழுத்தி அளந்து பார்த்தார். விசித்திரமாக நடந்துகொண்ட ஓரிரண்டை ஒதுக்கிவிட்டால், துள்ளல் சராசரியாக 1.6 மில்லிவினாடி, அதிகபட்சம் 6.2 மில்லிவினாடி. ஒதுக்கப்பட்டவற்றில் ஒன்று மட்டும் 157 மில்லிவினாடி வரை துள்ளியது.

நமக்கு இது கண்ணிமைக்கும் நேரம்கூட இல்லை. ஆனால் வினாடிக்கு பத்து லட்சம் துடிப்பில் ஓடும் சிப்புக்கு 1 மில்லிவினாடி என்பது ஆயிரம் துடிப்பு. ஒவ்வொரு துள்ளலும் அதற்குத் தனித்தனி அழுத்தலாகவே தெரியும். அழுத்தும்போதெல்லாம் விளக்கின் நிலையை மாற்று என்று எழுதியிருந்தால், ஒற்றைப்படை எண்ணிக்கையில் துள்ளினால் விளக்கு எரியும், இரட்டைப்படையில் துள்ளினால் ஒன்றும் நடக்காதது போலிருக்கும். அழுத்தினால் சில சமயம் வேலை செய்கிறது, சில சமயம் செய்வதில்லை என்று யாராவது சொன்னால், பொத்தான் கெட்டுவிட்டது என்று மாற்றுவதற்கு முன் நிரலைப் பார்ப்பது நல்லது.

தூங்கும் சிப் பொத்தானைக் கவனித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் இன்டரப்ட் தேவைப்படுகிறது. பொத்தான் இணைந்த காலில் மின்னழுத்தம் மாறியதும் சிப்பின் வன்பொருளே அதை எழுப்பி, இதற்கென்று எழுதிய சிறு பகுதிக்கு அனுப்பும். இங்கே புதியவர்கள் அதிகம் செய்யும் பிழை, துள்ளல் அடங்கும்வரை அந்தப் பகுதிக்குள்ளேயே காத்திருப்பது. அது செய்ய வேண்டியது மிகக் கொஞ்சம். மேலும் துள்ளல்கள் வந்து தொந்தரவு செய்யாதபடி தன் கதவைத் தானே சாத்திக்கொண்டு, ஏதோ மாறியது என்று ஒரு குறிப்பை எழுதி வைத்தால் போதும்:

```c
volatile uint8_t changed;

ISR(PCINT0_vect) {
  GIMSK &= ~(1 << PCIE);
  changed = 1;
}
```

மீதி வேலை முதன்மை நிரலுடையது. 5 மில்லிவினாடிக்கு ஒரு முறை பொத்தானைப் பார்த்து, தொடர்ந்து நான்கு தடவை ஒரே நிலை தெரிந்தால் மட்டும் அதை நம்பலாம். மின்சத்தம் எதனாலோ சிப் வீணாக எழுந்திருந்தால், நான்கு தடவையும் பொத்தான் அழுத்தப்படாத நிலையே தெரியும். உடனே மறுபடி தூங்கிவிடலாம்.

இந்த 20 மில்லிவினாடி காத்திருப்பு பேட்டரியைத் தின்னாதா என்று கவலைப்பட்டு, சிலர் பக்கம் பக்கமாகத் தந்திரங்கள் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டால் அது வீண் கவலை. விழித்திருக்கும் சிப் சுமார் 1 மில்லிஆம்பியர் எடுக்கும். நாளுக்கு நூறு முறை அழுத்தினாலும் காத்திருப்பு மொத்தம் இரண்டே வினாடி. வருடம் முழுவதும் சேர்த்தால் கால் மில்லிஆம்பியர்-மணிகூட ஆகாது.

தூங்கப் போகும் அந்தக் கணம்தான் உண்மையில் நுட்பமானது. "குறிப்பு ஏதும் இல்லை, தூங்கலாம்" என்று நிரல் முடிவெடுத்த பிறகு, தூங்கும் கட்டளைக்கு முன்பாக ஒருவர் பொத்தானை அழுத்தினால்? இன்டரப்ட் வரும், குறிப்பு எழுதப்படும், கதவும் சாத்தப்படும். நிரலோ விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து தூங்கிவிடும். கதவு சாத்தியிருப்பதால் அதன் பிறகு எத்தனை தடவை அழுத்தினாலும் எழாது. பேட்டரியைக் கழற்றி மாட்டினால்தான் உயிர் வரும். இது ஆயிரத்தில் ஒரு முறை நடப்பதால் சோதனை மேசையில் அகப்படாது. வாங்கியவர் கையில்தான் வெளிப்படும். தீர்வு சில வரிகள்தான்:

```c
cli();
if (!changed) {
  sleep_enable();
  sei();
  sleep_cpu();
  sleep_disable();
}
sei();
```

முதலில் இன்டரப்டுகளை நிறுத்திவிட்டுக் குறிப்பைப் பார்க்கிறோம். இல்லையென்றால் மறுபடி அனுமதித்துத் தூங்குகிறோம். `sei` கட்டளைக்கு அடுத்து வரும் ஒரு கட்டளை நிறைவேறிய பின்புதான் இன்டரப்ட் உள்ளே வர முடியும் என்பது ஏவிஆர் சிப்புகளின் வடிவமைப்பிலேயே உள்ள உறுதி. எனவே இடையில் அழுத்தினாலும், சிப் தூங்கிய உடனே எழுந்துவிடும். அந்த இரண்டுக்கும் நடுவில் வேறொரு வரியைச் செருகினால் இந்த உறுதி போய்விடும்.

அடுத்தது, யாரும் யோசிக்காத ஒன்று: விரலை எடுக்காமலே இருந்தால்? பைக்குள் பர்ஸோ புத்தகமோ பொத்தானை நாள் முழுக்க அழுத்திக்கொண்டிருக்கும். விரல் எடுக்கும்வரை சுற்றிச் சுற்றிக் காத்திரு என்று எழுதியிருந்தால் சிப் விழித்தே கிடக்கும், ஒன்பது நாளில் பேட்டரி காலி. அழுத்தியதை ஏற்றவுடன் தூங்கிவிடுவதே சரி. கால் மாற்ற இன்டரப்ட், பொத்தானை விடும்போதும் எழுப்பும். அப்போதும் ஒரு கசிவு மிஞ்சும். பொத்தானுக்கு மின்னழுத்தம் தரும் உள் புல்-அப் மின்தடை 20 முதல் 50 கிலோஓம். அழுத்தியிருக்கும் நேரமெல்லாம் அதன் வழியே 3 வோல்ட்டில் சுமார் 0.1 மில்லிஆம்பியர் ஓடும். ஒன்பது நாள் என்பது மூன்று மாதமாக நீண்டிருக்கிறது. அரை நிமிடத்துக்கு மேல் அழுத்தியே இருந்தால் புல்-அப்பையும் அந்தக் காலின் இன்டரப்டையும் நிறுத்திவிட்டு, வாட்ச்டாக் கடிகாரத்தால் 8 வினாடிக்கு ஒரு முறை எழுந்து பார்த்துக்கொள்ளலாம். விலை, விட்ட பிறகு எட்டு வினாடி வரை விளக்கு பதில் சொல்லாது. பைக்குள் நசுங்கிக் கிடந்த விளக்குக்கு அது பரவாயில்லை.

இவ்வளவும் சரியாக எழுதிய பிறகும் பேட்டரி ஒன்றரை மாதத்தில் தீர்ந்தால், அனலாக் அளவீட்டுப் பகுதியைச் சந்தேகிக்கலாம். சிப் தூங்கினாலும் அது தானாக அணையாது, 0.2 மில்லிஆம்பியர் அளவுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும். ஆர்டுயினோ வழியாக நிரல் எழுதினால், நாம் கேட்காமலே அது இயங்கத் தொடங்கியிருக்கும். தூங்குமுன் `ADCSRA = 0;` என்று ஒரு வரி போட்டால் தீர்ந்தது.

உறுதி செய்ய, பேட்டரிக்கும் சிப்புக்கும் இடையே 1 கிலோஓம் மின்தடை ஒன்றைத் தொடராக வைத்து, அதன் இரு முனையிலும் மல்டிமீட்டரால் மின்னழுத்தத்தை அளக்கலாம். ஒரு மில்லிவோல்ட் காட்டினால் ஒரு மைக்ரோஆம்பியர். ஆனால் விழித்திருக்கும்போது அந்த மின்தடையிலேயே ஒரு வோல்ட் விழுந்து சிப் மயங்கிவிடும். ஆகவே சிப் தூங்கும்வரை மின்தடையின் குறுக்கே ஒரு கம்பியைப் போட்டு வைத்து, தூங்கியதும் எடுத்துவிட வேண்டும். மீட்டர் 200 மில்லிவோல்ட் காட்டினால் அனலாக் பகுதி ஓடுகிறது. 100ஐ ஒட்டிக் காட்டினால் எங்கோ ஒரு புல்-அப் தரைக்கு இழுக்கப்படுகிறது. ஒரு மில்லிவோல்ட்டுக்கும் கீழே வந்துவிட்டால், சிப் எடுப்பதும் அலமாரியில் கிடக்கும் செல் வருடத்துக்குச் சுமார் ஒரு சதவீதம் தானாக இழப்பதும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிட்டன. அதற்குக் கீழே குறைக்க நிரலில் ஒன்றும் மிச்சமில்லை.