எக்ஸ் போட்டவர்களுக்கு ஒரு பாராட்டுக் கடிதம்

2011 ஜனவரி 13 அன்று மேற்கு வங்கத்தின் ஹௌரா மாவட்டத்தில் ஒரு சிறுமியைப் போலியோ தாக்கியது. இந்தியாவில் இயற்கையாகப் பரவிய போலியோ வைரஸின் கடைசி பாதிப்பு அது. 2009இல் 741 குழந்தைகள், 2010இல் 42 குழந்தைகள், 2011இல் அந்த ஒரே குழந்தை. 2012 ஜனவரி 13 வந்தபோது, புதிய பாதிப்பு இல்லாமல் நாடு ஓராண்டைக் கடந்திருந்தது.

பீகாரின் கோசி ஆற்றுப் படுகையில் ஒரு வட்டார மருத்துவ அதிகாரி, அன்று தன் சொட்டு மருந்துக் குழுவினருக்குப் பாராட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்ததாக வைத்துக்கொள்வோம். கை தானாக எழுதும் வாசகம் நமக்குத் தெரியும்: “உங்கள் அயராத உழைப்பாலும் அர்ப்பணிப்பாலும் இந்த மாபெரும் மைல்கல்லை எட்டியுள்ளோம்.” இதில் போலியோவை எடுத்துவிட்டுச் சிறுசேமிப்பு என்று போட்டாலும் ஓர் எழுத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை. படிக்கிறவருக்கும் அது தெரிந்துவிடும்.

அந்தக் குழு உண்மையில் செய்தது என்ன? முகாம் நாள் முடிந்த பிறகு வீடு வீடாகப் போனார்கள். சொட்டு மருந்து குடித்த குழந்தையின் இடது கைச் சுண்டு விரலில் மை வைத்தார்கள். வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் குடித்துவிட்டால் கதவோரச் சுவரில் ‘பி’ என்று எழுதினார்கள். ஒரு குழந்தை விடுபட்டாலும் ‘எக்ஸ்’. பூட்டிய வீடு, பாட்டி ஊருக்குப் போன பிள்ளை, “போன மாசம்தானே கொடுத்தீங்க, திரும்ப எதுக்கு?” என்று கதவைச் சாத்திய தகப்பன் என எக்ஸுக்குக் காரணங்கள் பல. அந்த வீடுகளுக்குத் திரும்பப் போய் எக்ஸை பியாக மாற்றுவதில்தான் இந்த வேலையின் உயிர் இருந்தது.

கடிதம் தவறாகப் போகக்கூடிய இடமும் இதுவே. “நூற்றுக்கு நூறு பி எழுதிய குழு” என்று மேடையில் பாராட்டினால், அடுத்த சுற்றில் பூட்டிய வீட்டுச் சுவரிலும் பி எழுதத் தோன்றும். கணக்கு அழகாகிவிடும், குழந்தை விடுபட்டுவிடும். அதைக் கண்டுபிடிக்க வழி உண்டு: மேற்பார்வையாளர் பி போட்ட வீடுகள் சிலவற்றைத் தட்டி, குழந்தைகளின் விரலைப் பார்ப்பார். பி வீட்டில் மை இல்லாத விரல் இருந்தால் குட்டு உடைந்துவிடும். ஆனாலும் அந்த ஆசையைப் பாராட்டே கிளப்பிவிடக் கூடாது. அதனால் நேர்மையாக எக்ஸ் எழுதியவரைப் பாராட்ட வேண்டும் என்பது என் கட்சி.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்:

“மூன்றாம் குழுவினருக்கு: கரைக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பில் முதல் நாள் பதினொரு வீடுகளில் எக்ஸ் எழுதினீர்கள். அதை மறைக்கவில்லை. மாலைக் கூட்டத்தில் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னீர்கள். மறுநாள் படகில் திரும்பப் போய் ஒன்பதை பியாக மாற்றினீர்கள். மறுத்த இரண்டு வீடுகளைப் பற்றி நீங்கள் தந்த தகவலால்தான், அந்த ஊர்ப் பெரியவரை அழைத்துக்கொண்டு நான் நேரில் போக முடிந்தது. நாடு ஓராண்டைக் கடந்ததில் அந்த நாளுக்கும் பங்கு உண்டு.”

பதினொன்று, ஒன்பது என்ற எண்கள் எடுத்துக்காட்டுக்காக நான் போட்டவை. எழுதுகிறவர் அந்தக் குழுவின் கணக்குத் தாளைப் பார்த்து நிஜ எண்ணைப் போட வேண்டும். தாளைப் புரட்ட நேரமில்லாதவர் கடிதம் எழுதாமலே இருந்துவிடலாம்.

யார் கண்ணிலும் படாத ஒருவருக்கும் அதில் இடம் வேண்டும். விடியுமுன் ஐஸ் பொதிகளை அடுக்கி மருந்துப் பெட்டிகளை அனுப்பியவர் அவர். ஒவ்வொரு மருந்துக் குப்பியிலும் ஒரு வட்டமும் அதற்குள் ஒரு வெளிர் சதுரமும் இருக்கும். வெப்பம் பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்தை எட்டிவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது. “நீங்கள் அனுப்பிய குப்பிகளில் சதுரம் கடைசிவரை வெளுப்பாகவே இருந்தது” என்று எழுதினால், அவர் வேலை எழுதுகிறவருக்குப் புரிந்திருக்கிறது என்று தெரியும்.

ஒரு சொல்லை மட்டும் எழுதக் கூடாது: “ஒழித்துவிட்டோம்.” போலியோ இல்லை என்ற சான்றிதழுக்கு, கண்காணிப்பு குறையாமல் மூன்றாண்டுகள் பாதிப்பின்றிக் கழிய வேண்டும். 2012 பிப்ரவரியில் உலக சுகாதார நிறுவனம் போலியோ நிலைத்திருக்கும் நாடுகளின் பட்டியலிலிருந்து இந்தியாவை நீக்கியது. தென்கிழக்கு ஆசிய வட்டாரத்துக்கான சான்றிதழ் கிடைத்தது 2014 மார்ச் 27 அன்றுதான். ஓராண்டு முடிந்ததை ஓராண்டு என்றே சொல்லி, அடுத்த சுற்றின் தேதியையும் அதே தாளில் போட்டுவிட வேண்டும்.

கடிதத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினால் போதாது. வீடு வீடாக நடந்தவர்களில் பலர் அந்தந்தச் சுற்றுக்கு மட்டும் வந்த தன்னார்வலர்கள். அலுவலகத்துக்குள் அவர்கள் வருவதே அரிது. கணக்குத் தாளை ஒப்படைக்க எல்லோரும் கூடும் மாலைக் கூட்டத்தில், அவர்கள் பேசும் மொழியில், குழு குழுவாக அதை வாசிக்க வேண்டும்.