வராத சர்வீஸுக்கு ஒரு கடிதம்

ஏசிக்கு ஏஎம்சி போடும்போது கம்பெனி இனிக்க இனிக்கப் பேசும். பணம் கட்டிய பிறகு சர்வீஸ் ஆள் எட்டிப் பார்ப்பதில்லை. போன் செய்தால் “நாளைக்கு வருவார் சார்” என்பார்கள். இந்த நிலையில் எழுத்தில் ஒரு கடிதம் போடுவது நல்லது. ஆனால் பலர் அதில் கோபத்தை எழுதுகிறார்கள், கணக்கை விட்டுவிடுகிறார்கள்.

ஓர் உதாரணம். 2025 ஏப்ரல் 1 முதல் ஓராண்டுக்கு ஒப்பந்தம், கட்டணம் 4,800 ரூபாய், மூன்று மாதத்துக்கு ஒன்றாக நான்கு சர்வீஸ். ஜனவரி தொடங்கியும் ஒருவரும் வரவில்லை. “விகிதப்படி பணம் கொடுங்கள்” என்று மட்டும் எழுதினால் கம்பெனி மாதக் கணக்குப் போடும். ஒன்பது மாதம் ஓடிவிட்டது, மிச்சம் மூன்று மாதம், ஆகவே 1,200 ரூபாய்தான் என்று முடித்துவிடும். சர்வீஸ் எண்ணிக்கைப்படி பார்த்தால் ஒன்றுக்கு 1,200. நடக்காத மூன்றுக்கு 3,600 வரவேண்டும். எந்தக் கணக்கு என்பதைக் கடிதத்தில் நாமே சொல்லிவிட வேண்டும்.

பாகங்களுக்கும் பொறுப்பேற்கும் ஒப்பந்தமானால் இது அத்தனை சுலபமில்லை. கட்டணத்தில் ஒரு பங்கு பழுதுக்கான பாதுகாப்புக்கு, அது இத்தனை மாதமும் இருந்ததே என்பார்கள். அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. கூலி மட்டும் அடங்கிய ஒப்பந்தத்தில் அது எடுபடாது.

விட்டுப்போன மூன்றையும் மார்ச்சில் சேர்த்துச் செய்து தருகிறோம் என்றும் சொல்வார்கள். ஒரே மாதத்தில் மூன்று முறை காயிலைக் கழுவி என்ன பயன்? அதனால் இப்படி எழுதலாம்:

“ஐயா, ஒப்பந்த எண் ... படி ஜூன், செப்டம்பர், டிசம்பர் மாத இறுதிக்குள் முடித்திருக்க வேண்டிய மூன்று சர்வீஸ்கள் நடக்கவில்லை. நான் பதிவு செய்த புகார்களின் எண்களும் தேதிகளும் கீழே உள்ளன. 15 நாளுக்குள் முதல் சர்வீஸைச் செய்து, மற்றவற்றை மூன்று மாத இடைவெளியில் முடிக்கும் வகையில் ஒப்பந்தக் காலத்தைக் கட்டணமின்றி நீட்டித்து எழுத்தில் உறுதி தாருங்கள். இயலாவிட்டால் மூன்று சர்வீஸுக்கான 3,600 ரூபாயைத் திருப்பித் தாருங்கள். சர்வீஸ் நடந்ததாக உங்கள் பதிவில் இருந்தால், என் கையெழுத்துள்ள ஜாப் ஷீட்டின் நகலை அனுப்புங்கள்.”

கடைசி வரியை விட்டுவிடக் கூடாது. ஆள் வராமலேயே கணினியில் ‘முடிந்தது’ என்று பதிவாவது உண்டு. வராத ஆளுக்கு ஓடிபி எண்ணைப் போனில் சொல்லிவிட்டால் அந்தப் பொய்ப் பதிவுக்கு நாமே சாட்சியாகிவிடுவோம்.

ரசீதையும் ஒப்பந்த நகலையும் இணைத்து, மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மசியாவிட்டால், 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். இவ்வளவு சிறிய தொகைக்கு ஆணையக் கட்டணம் கிடையாது.